குளிர்ந்த காலையில் எரியும் டயர் விளக்கு: நிலையாக எரிந்தால் ஒரு பொருள், மினுக்கினால் வேறு பொருள்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சிங்கப்பூரின் விடியற்காலை வெப்பநிலை சில நாள்களில் 22 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குவதுண்டு. 2018 ஜனவரியில் அப்படிப்பட்ட குளிர் பல நாள்கள் நீடித்தது. அத்தகைய காலையில் காரைக் கிளப்பும்போது, குதிரை லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி கொண்ட மஞ்சள் விளக்கு முகப்புப் பலகையில் எரிவதைச் சிலர் காண்கின்றனர். பத்து நிமிடம் ஓட்டியதும் அது அணைந்துவிடுகிறது. ‘குளிரால் வந்தது, போய்விட்டது’ என்று விட்டுவிடுவோர் பலர்.

அந்த முடிவு பாதிதான் சரி.

குளிர் எவ்வளவு குறைக்கும்?

டயருக்குள் அடைபட்ட காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். சாதாரண காரின் டயரில் ஏறத்தாழ ஐந்தரை டிகிரி செல்சியசுக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் அழுத்தம் மாறும். நம் ஊரில் வழக்கமான காலைக்கும் குளிர்ந்த காலைக்கும் உள்ள வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஐந்தாறு டிகிரிதான். ஆக, குளிர் மட்டும் பறித்துக்கொள்வது ஒரு பிஎஸ்ஐ.

விளக்கு எரிவதற்கு அது போதாது. ஐரோப்பிய விதிப்படி, டயரின் அழுத்தம் பரிந்துரைக்கப்பட்ட அளவைவிட 20 விழுக்காடு குறையும்போது எச்சரிக்கை வரவேண்டும். அமெரிக்க விதியில் அது 25 விழுக்காடு. 33 பிஎஸ்ஐ தேவைப்படும் காரில் 20 விழுக்காட்டுக் குறைவு என்றால் சுமார் 26 பிஎஸ்ஐ. அதாவது, விளக்கு எரியும்போது ஏறக்குறைய ஏழு பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கிறது. அதில் ஒன்றுக்குத்தான் குளிர் பொறுப்பு. மற்ற ஆறும் எங்கே போயின?

ஒரு காரின் கணக்கு

லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டு வீவக புளோக் ஒன்றில் இரவில் நிறுத்தப்படும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் டயர்களுக்கு 33 பிஎஸ்ஐ தேவை. உரிமையாளர் ஒருநாள் பிற்பகல் தீவு விரைவுச்சாலையில் நெடுநேரம் ஓட்டிவந்து, வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் சரியாக 33 வைத்துக் காற்றடிக்கிறார். அப்போது டயருக்குள் இருக்கும் காற்றின் சூடு 50 டிகிரி என்று கொள்வோம்.

மறுநாள் காலை 28 டிகிரியில் டயர் ஆறிக் கிடக்கும்போது அதில் இருப்பது 33 அல்ல, 30தான். சூடான டயரில் அளந்ததால் முதல் நாளே மூன்று பிஎஸ்ஐ குறைந்துபோனது. நல்ல டயரும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றைத் தானாகவே இழக்கும். மூன்று மாதம் யாரும் அளக்கவில்லை என்றால் 27. பிறகு ஒரு மழைக்காலக் காலையில் வெப்பநிலை 22 டிகிரிக்கு இறங்குகிறது. அளவு 26ஆகிறது, விளக்கு எரிகிறது.

அவர் வேலைக்குப் புறப்பட்டு விரைவுச்சாலையில் ஏறியதும் டயர் சூடாகி அழுத்தம் 29க்கு ஏறுகிறது. பல கார்களில் விளக்கு அணைந்துவிடும். டயருக்குள் புதிதாகக் காற்று எதுவும் வரவில்லை. இருந்த காற்று சூடானது, அவ்வளவுதான். குறைந்த காற்றோடு ஓடும் டயர் பக்கவாட்டில் கூடுதலாக வளைந்து, உள்ளே அதிகமாகச் சூடேறும். பயணிகளும் பைகளும் நிறைந்த காரில், உட்லண்ட்சைத் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டும்போது அந்தச் சூடே டயர் வெடிப்பில் முடியக்கூடும்.

நிலையாக எரிந்தால் என்ன செய்வது?

காலையில் கார் நகரும் முன்பே அளப்பது நல்லது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற டயரையே ‘ஆறிய டயர்’ என்பார்கள். வீட்டில் சிறு அளவுகோல் இல்லாவிட்டால், அருகில் உள்ள பெட்ரோல் நிலையத்துக்கு மெதுவாக ஓட்டிச்சென்று அளக்கலாம். வைக்கவேண்டிய அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை வைக்கக்கூடாது. இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டினால், 33 பிஎஸ்ஐ என்பது சுமார் 230.

நான்கு டயர்களின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தால் காரணம் காலமும் குளிரும், காற்றடித்தால் போதும். மூன்று டயர்கள் 30இலும் ஒன்று மட்டும் 25இலும் இருந்தால், அந்த ஒன்றில் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கிறது. காற்றடித்ததும் விளக்கு அணைந்தாலும் சில நாளில் திரும்ப வரும். அதை டயர் கடையில் காட்டவேண்டும். ஓடும்போது விளக்கு எரிந்து, கார் ஒரு பக்கம் இழுத்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்திப் பாருங்கள்.

டயர் சூடாக இருக்கும்போது எண் கூடுதலாகத் தெரிந்தால் காற்றை வெளியே விடவேண்டாம். ஆறியதும் அது குறைவாகிவிடும்.

மினுக்கினால்?

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளோடும் இதுவும் சில விநாடி எரிந்து அணைவது வழக்கமான சோதனை. ஆனால் விளக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மினுக்கி, பிறகு அணையாமல் எரிந்தால், கண்காணிப்புக் கருவியே பழுதாகியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறை காரைக் கிளப்பும்போதும் இது திரும்ப நடக்கும். குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை, காற்றடித்தாலும் போகாது.

ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஓர் உணர்கருவி இருக்கும். அது அழுத்தத்தை அளந்து வானொலி அலை வழியாகக் காருக்குத் தெரிவிக்கும். அதன் மின்கலம் பொதுவாக 5 முதல் 10 ஆண்டு தாங்கும். பெரும்பாலானவற்றில் மின்கலத்தை மட்டும் தனியே மாற்ற முடியாது, உணர்கருவியையே மாற்றவேண்டும். சிஓஇ பத்து ஆண்டில் முடிந்து புதுப்பிக்கப்பட்ட கார்களில் இந்த மினுக்கல் தலைகாட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம். டயர் மாற்றும்போது உணர்கருவி உடைவது, அது இல்லாத வேறு ரிம் பொருத்துவது, மாற்றுச் சக்கரத்தோடு ஓட்டுவது ஆகியவையும் காரணமாகலாம்.

இங்கே ஆபத்து வேறு. மினுக்கி முடித்த விளக்கு நிலையாக எரிவதால், தாமதமாகப் பார்ப்பவருக்கு அது காற்றுக் குறைவு போலவே தெரியும். எனவே, முதல் ஒன்றரை நிமிடம் கவனிக்கவேண்டும். கருவி சரியாகும்வரை ஒரு டயரில் காற்று இறங்கினாலும் கார் சொல்லாமல் போகலாம். ஆகவே வாரம் ஒருமுறை கையால் அளப்பதே வழி.

உணர்கருவி இல்லாத கார்கள்

சில கார்களில் சக்கரத்துக்குள் உணர்கருவி கிடையாது. சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு, காற்றுக் குறைந்த டயரை அவை கண்டுபிடிக்கும். நான்கும் ஒன்றாகக் குறைந்தால் அவற்றுக்கு எளிதில் தெரியாது. அவற்றில் காற்றைச் சரியாக வைத்த பிறகே ‘ரீசெட்’ பொத்தானை அழுத்தவேண்டும். காற்றடிக்காமல் விளக்கை அணைப்பதற்காக மட்டும் அதை அழுத்தினால், குறைந்த அழுத்தத்தையே சரியான அளவாகக் கார் எடுத்துக்கொள்ளும். அடுத்த எச்சரிக்கை, டயர் இன்னும் மோசமான பிறகே வரும்.