ஜவுளிக்கடையோடு கைகோர்க்க நினைக்கும் டெய்லரா நீங்க? 4 வார சோதனையை இப்படிக் கேளுங்க!

பட்டுப்புடவை வாங்கியதும் பில் கவுண்டரில் அடிக்கடி வரும் கேள்வி, "பிளவுஸ் எங்கே தைக்கக் கொடுக்கலாம்?" என்பதுதான். அதற்குக் கடையில் பதில் இல்லையென்றால், பக்கத்துத் தெரு டெய்லருக்கு அதுதான் வாய்ப்பு. ஆனால் "சேர்ந்து பிசினஸ் பண்ணலாம்" என்று பொதுவாகப் போய் நின்றால், முதலாளி சிரித்தபடி அனுப்பிவிடுவார். கேட்பது சின்னதாக, முடியும் தேதியோடு இருக்கணும்.

கடைக்கு என்ன லாபம்?

லைனிங் பிளவுஸ் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10% கமிஷன் கொடுத்தால் கடைக்கு 60 ரூபாய். ஆயிரக்கணக்கில் புடவை விற்பவருக்கு இது பெரிசா தெரியாது. அவருக்கு வேண்டியது புடவை விற்க உதவும் ஒரு விஷயம். அதனால், "உங்க கடையில் பட்டு எடுத்தா ஓரம் அடிப்பது இலவசம்" என்று சொல்லிப் பாருங்க. டெய்லருக்குச் செலவு கொஞ்சம் நூலும் நேரமும்தான். புடவையோடு வருபவர் பிளவுஸையும் அங்கேயே கொடுக்க வாய்ப்பு இருக்கு.

எப்போது தொடங்கலாம்?

ஆடி மாதம் சரி. கல்யாணங்கள் குறைவு என்பதால் டெய்லர் கை கொஞ்சம் காலியாக இருக்கும், கடையில் தள்ளுபடிக் கூட்டம் இருக்கும். தீபாவளி நெருக்கத்தில் தொடங்கினால், சொன்ன தேதியில் கொடுக்க முடியாமல் கடைப் பெயரும் சேர்ந்து கெடும். அப்போதும் ஒரு நாளைக்கு 3 பிளவுஸுக்கு மேல் வாங்காதீங்க.

முதலாளிக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் போதும்: "அண்ணா, வணக்கம். 4 வாரம் மட்டும், பட்டுப்புடவைக்கு மட்டும் இலவசமா ஓரம் அடிச்சுத் தர்றேன். நம்பர் போட்ட 100 கார்டு கவுண்டர்ல வைக்கணும், அவ்வளவுதான். துணி பாழானா பொறுப்பு என்னுது. புதன்கிழமை 11 மணிக்கு மாதிரி பிளவுஸோட வரட்டுமா?"

பொறுப்பைப் பற்றிய அந்த வரியை விட்டுடாதீங்க. பார்ட்டியின் புடவையில் கறை பட்டால் யார் பதில் சொல்வது என்பதுதான் முதலாளியின் முதல் பயம்.

வாரம் ஒருமுறை கவுண்டரில் மிச்சமிருக்கும் கார்டுகளை எண்ணுங்க. அப்படியே இருந்தால் ஊழியர் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம். முதலாளியிடம் சொல்லி ஒருவரைப் பொறுப்பாகப் போடச் சொல்லலாம். 70 கார்டு போய், 25 பேர் வந்து, 14 பேர் பிளவுஸ் கொடுத்தால் கூலி 8,400 ரூபாய். 25 பேரும் ஓரம் மட்டும் அடித்துக்கொண்டு போனால், உங்க கூலியையோ மாடலையோ கவனிக்கணும்.

4-வது வாரக் கடைசியில் இந்த எண்களோடு உட்கார்ந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று பேசுங்க. நிறுத்தினாலும் ஏற்கெனவே வெளியே போன கார்டுகளுக்கு இலவசமா செய்து கொடுத்தே ஆகணும். அந்தக் கடைசித் தேதியைக் கார்டிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.