தெருக் காட்சியில் கசியும் பாட்டும் தவறான உரிமை கோரலும்

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் தெருவைப் படம் பிடிக்கும் எவராலும் இசையை விட்டு ஒதுங்க முடியாது. கோடை வந்தால் காப்பிக் கடைகளின் மேசைகள் நடைபாதைக்கு வந்துவிடும். ஜாரிப் பூங்காவில் குடும்பங்கள் ஒலிபெருக்கியோடு வந்து உட்கார்ந்திருக்கும். திறந்த கண்ணாடியோடு போகும் கார் ஒன்று பத்துச் செக்கன் பாட்டைத் தெருவில் இறைத்துவிட்டுப் போகும். இப்படிப் பின்னணியில் மெல்லக் கேட்ட பாட்டுக்காக, நாமே எடுத்த காணொளியை யூடியூபில் ஏற்றும்போது பதிப்புரிமைக் கோரல் வருவதுண்டு. அதை எப்படித் தவிர்ப்பது, வந்தால் எப்படி எதிர்கொள்வது என்பதை எனக்கு நேர்ந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை மாலை, எண்பதுகளில் இங்கு வந்து சேர்ந்த பெரியவர் ஒருவரோடு டி காஸ்டெல்நோ வீதியில் நடந்தபடி படம் எடுத்தேன். தான் முதன்முதல் வாடகைக்கு இருந்த வீட்டின் வெளிப்படிக்கட்டைக் காட்டி அவர் கதைத்ததைப் பதிவு செய்வதுதான் நோக்கம். 11 நிமிடக் காணொளி. அதில் 4:12 முதல் 4:51 வரை, 39 செக்கன்களுக்கு, எதிர்ப்பக்கக் கடையிலிருந்து ஒரு ஸ்பானியப் பாட்டு கேட்டது. வீட்டில் சாதாரண ஒலிபெருக்கியில் போட்டபோது அது என் காதுக்கே சரியாக எட்டவில்லை. ஏற்றியபோது, கோரல் வரும் என்று யூடியூப் அந்த 39 செக்கன்களையும் துல்லியமாகக் குறித்துக் காட்டியது.

மெல்லிய பாட்டும் ஏன் பிடிபடுகிறது

யூடியூப் 2007 முதல் நடத்திவரும் கன்டென்ட் ஐடி என்ற பொறி, உரிமையாளர்கள் கொடுத்த மூலப் பதிவுகளோடு நம் ஒலியை ஒப்பிடுகிறது. இவ்வகைப் பொறிகள் பொதுவாகப் பாட்டை முழுதாகக் கேட்பதில்லை. எந்தக் கணத்தில் எந்தச் சுருதிகள் ஓங்கி நிற்கின்றன என்ற புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றின் இடைவெளிகளை ஒப்பிடுகின்றன. கோலத்தின் மேல் மண் விழுந்தாலும் புள்ளிகளின் வரிசை தெரிந்தால் கோலம் எதுவென்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கதைதான். தெருவின் இரைச்சல் புதிய புள்ளிகளைச் சேர்க்கிறதே தவிர, பழையவற்றை எல்லாம் அழித்துவிடுவதில்லை.

ஆகவே ஒலியளவைக் குறைத்துப் பயனில்லை. 'முப்பது செக்கனுக்குக் குறைந்தால் குற்றமில்லை' என்று சொல்லப்படும் விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. 'பாட்டின் உரிமை எனக்கில்லை' என்று கீழே எழுதிவைப்பதைப் பொறி படிப்பதில்லை. சுருதியை மாற்றி ஏய்ப்பது எல்லாவற்றிலும் கெட்டது. தற்செயலாக வந்த பாட்டை, தெரிந்தே வைத்து மறைத்த பாட்டாக அது ஆக்கிவிடும். அந்த வேறுபாடுதான் சட்டத்தில் நம்மைக் காப்பது.

சட்டம் சொல்வது

கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் 30.7 என்றொரு பிரிவு 1997இல் சேர்க்கப்பட்டது. ஒரு படைப்பு இன்னொன்றுக்குள் தற்செயலாகவும், வேண்டுமென்று அல்லாமலும் இடம்பெற்றால் அது மீறல் ஆகாது என்பது அதன் சாரம். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிற்க வேண்டும். பாட்டு எத்தனை செக்கன், எவ்வளவு மெல்லியது என்று பிரிவு கேட்பதில்லை. கடை வாசலில் பாட்டுக்காகவே நின்று படம் எடுத்தாலோ, படத்தொகுப்பில் அதை உயர்த்திக் காட்சிக்கு மெருகூட்டினாலோ இப்பிரிவை நம்பி வாதாடுவது கடினம். நடந்து போகையில் காதில் விழுந்த பாட்டுக்கு இது பொருந்தும்.

இதே நம்பிக்கையோடு சென்னைத் தெருவில் எடுத்த காட்சிக்கு வாதாட முடியாது. இந்தியச் சட்டத்தின் 52(1)(u) பிரிவு, திரைப்படத்தின் பின்னணியில் தற்செயலாக வரும் ஓவியம், சிற்பம் போன்ற கலைப் படைப்புகளைத்தான் காக்கிறது. இசையை அது சொல்லவில்லை.

அமெரிக்காவில் தனிப் பிரிவு இல்லை. 'நியாயமான பயன்பாடு' என்ற பொதுக் கோட்பாடு உண்டு. நியூ யோர்க்கின் சான் ஜெனாரோத் திருவிழா ஊர்வலத்தை ஏபிசி தொலைக்காட்சி செய்திக்காகப் படம் பிடித்தபோது, வாத்தியக் குழு வாசித்த பாட்டொன்றின் பகுதியும் ஒளிபரப்பாகியது. பாட்டின் உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தார். 1978இல் நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு என்றே தீர்த்தது. செய்தியில் வந்த அந்தத் துண்டு பாட்டின் விற்பனையைப் பாதிக்கவில்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று.

பொறிக்கு இந்த நியாயம் எதுவும் தெரியாது. பாட்டு இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். ஏன் இருக்கிறது என்று பார்க்காது. 2019இல் யூடியூப் ஒரு திருத்தம் செய்தது. கடையைக் கடந்து போகையில் சில செக்கன் கேட்ட பாட்டுக்காக, உரிமையாளர் கையால் கோரல் போட்டு விளம்பர வருவாயை எடுக்கக் கூடாது என்றது. ஆனால் அது கையால் போடும் கோரல்களுக்கு மட்டுமே. பொறி தானாகப் போடுவதை அது தொடவில்லை.

படம் எடுக்கும்போது

எளிய வழி முன்கூட்டியே செய்வது. காதொலிப்பானைப் போட்டுக்கொண்டு எடுங்கள். கண் பார்க்கும் தெருவில் காது பாட்டைத் தவறவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது கணக்கு. இரு பக்கமும் செங்கல் வீடுகள் நெருங்கி நிற்கும் வில்லரேத் தெருக்களில் எதிரொலியால் அவ்வளவு குறையாது. திசை நோக்கும் ஒலிவாங்கியின் முதுகைக் கடைப் பக்கம் திருப்புவது அதைவிட உதவும். பேசுபவரின் சட்டையில் சிறு ஒலிவாங்கி மாட்டினால் அவர் குரல் தனித் தடத்தில் கிடைக்கும். அன்று நான் அதைச் செய்யவில்லை. அந்தத் தவறுக்கான விலையைக் கீழே சொல்கிறேன்.

செய்த ஒன்று கைகொடுத்தது. நடை முடிந்ததும் அதே மூலையில், பாட்டில்லாத நேரம் பார்த்து, இரண்டு நிமிடம் தெருவின் ஒலியை மட்டும் தனியே பதிந்துவைத்தேன்.

ஏற்றும்போது

காணொளியை முதலில் Private என்றே ஏற்றுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் Checks என்ற படி பதிப்புரிமைப் பொருத்தத்தை வெளியிடுமுன்பே காட்டும். பிற்பாடு புதிய மூலப் பதிவுகள் சேர்ந்தால் கோரல் அப்போதும் வரலாம் என்பதால் இது முடிந்த முடிவல்ல.

என் 39 செக்கன்களை இரண்டாகப் பிரித்தேன். 4:12 முதல் 4:37 வரை இருவரும் பேசாமல் நடக்கிறோம். அந்த 25 செக்கன்களின் ஒலியை நீக்கி, தனியே பதிந்த தெரு ஒலியை வைத்தேன். எந்தத் தொகுப்பு மென்பொருளிலும் இதைச் செய்யலாம். நான் பயன்படுத்திய ffmpeg கட்டளை இது. 252 என்பது 4:12, 277 என்பது 4:37.

```
ffmpeg -i teru.mp4 -i oli.wav -filter_complex \
"[0:a]volume=0:enable='between(t,252,277)'[a]; \
[1:a]atrim=0:25,adelay=252000:all=1[b]; \
[a][b]amix=inputs=2:duration=first:normalize=0[o]" \
-map 0:v -map "[o]" -c:v copy teru2.mp4
```

ஒட்டுப்போட்ட இடத்தில் ஒலி சட்டென்று மாறினால் தெரு ஒலியின் அளவு பொருந்தவில்லை என்று பொருள். பிறகு புதிய கோப்பை மீண்டும் ஏற்ற வேண்டும். பழைய காணொளிக்குள் கோப்பை மாற்ற யூடியூப் விடாது.

மிஞ்சிய 14 செக்கன்களில்தான் பெரியவர் படிக்கட்டைக் காட்டி, "தம்பி, முதல் பனிக்கு இந்தப் படியிலைதான் விழுந்தனான்" என்கிறார். பாட்டும் அவர் குரலும் ஒரே தடத்தில். கோரல் வந்த பிறகு ஸ்டூடியோ Erase song என்றொரு வழியைத் தருகிறது; பாட்டை மட்டும் நீக்கிப் பேச்சை விட முயலும். முயன்று பார்த்தேன். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. Mute all sound போட்டால் அவர் சொன்னதே போய்விடும். எதற்காக அன்று வெளியே போனேனோ அதை ஒரு பொறிக்காக வெட்ட மனம் வரவில்லை. அந்த 14 செக்கன்களை அப்படியே விட்டு வெளியிட்டேன். எதிர்பார்த்த கோரலும் வந்தது.

மறுப்பு

கோரலும் ஸ்ட்ரைக் எனப்படும் எச்சரிக்கையும் வேறு வேறு. கோரலால் விளம்பர வருவாய் கைமாறலாம். சில நாடுகளில் காணொளி மறைக்கப்படலாம். எச்சரிக்கைதான் ஆபத்து: 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் பக்கமே மூடப்படும்.

கோரலை மறுத்தால் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கோரல் தானே விழுந்துவிடும். அவர்கள் நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 7 நாள். அதையும் ஏற்காமல் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் எச்சரிக்கை விழும். பிறகு மிஞ்சுவது எதிர் அறிவித்தல். அதில் அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகக் கையொப்பமிட வேண்டும். வழக்குப் போட எதிர்த்தரப்புக்கு 10 வேலை நாள். அதாவது, முதல் மறுப்பைக் கனடியச் சட்டத்தை நம்பி எழுதலாம். கடைசிப் படியில் அமெரிக்கச் சட்டத்தின் முன் நிற்க வேண்டும். நியாயம் உறுதியாக இருந்தாலன்றி மேல்முறையீட்டைத் தாண்டாதீர்கள்.

மறுப்பில் கோபத்துக்கு இடமில்லை. நான் எழுதியவை நான்கு செய்திகள்: காட்சி எடுத்த நாளும் வீதியும், பாட்டு எந்தப் பக்கக் கடையிலிருந்து, எந்தச் செக்கன் முதல் எதுவரை கேட்கிறது என்பது, பேச்சே காட்சியின் பொருள், பாட்டை நான் தெரிவு செய்யவுமில்லை உயர்த்தவுமில்லை என்பது, 30.7ஆம் பிரிவு. திருத்தாத மூலக் கோப்பையும் பத்திரப்படுத்தி வைத்தேன். 21ஆம் நாள் கோரல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2021இன் முதல் பாதிக்கு யூடியூப் வெளியிட்ட கணக்கில், 72 கோடிக்கு மேற்பட்ட கோரல்களில் மறுக்கப்பட்டவை சுமார் 37 இலட்சமே. மறுத்தவற்றில் 60 வீதம் ஏற்றியவருக்குச் சார்பாக முடிந்தன.

கோயில் தேரை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். தேரோடு வந்த நாதஸ்வரக்காரர் தியாகராஜ கீர்த்தனை வாசித்ததை நீங்கள் பதிந்திருக்க, அது ஓர் இசைத்தட்டோடு பொருந்துவதாகக் கோரல் வந்தால் 30.7ஐ எழுதாதீர்கள். நீங்கள் தேரையும் வாசிப்பையும் வேண்டுமென்றேதான் எடுத்தீர்கள். 1847இல் மறைந்தவரின் கீர்த்தனை பொதுச்சொத்து, இசைத்தட்டின் உரிமை அந்தப் பதிவுக்கு மட்டும், இதுவோ வேறு வாசிப்பு என்பதே அங்கு சொல்ல வேண்டிய பதில். ஆனால் நாதஸ்வரக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள். அந்த வாசிப்பு அவருடையது.