பவர் வீடர் கேட்டு ஒரு கடிதம்: வரிவரியாக ஓர் உரை

ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளி நட்டவருக்கு முதல் மூன்று மாதம் களையோடுதான் போராட்டம். இலை விரிந்து நிழல் கட்டிவிட்டால் களை தானே அடங்கும். அதற்குள் ஆள் கிடைக்காதவர்கள் பவர் வீடரை வாடகைக்கு எடுக்கிறார்கள். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டர் ஓட்டுநரோடு வருகிறது. தனியார் கடையில் எடுக்கும் பவர் வீடரைப் பெரும்பாலும் நாமே ஓட்ட வேண்டும். மிஷின் நம் கைக்கு வந்துவிட்டால் பொறுப்பும் கூடவே வருகிறது. அதனால் எடுக்கும் முன் கடைக்கு என்ன எழுதிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்து, வரிவரியாக உரை சொல்கிறேன்.

“ஐயா, வணக்கம். மரவள்ளிக் காட்டில் களை எடுக்க உங்கள் டீசல் பவர் வீடர் வேண்டும். காடு 2 ஏக்கர். வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி 3 அடி. ஓட்டுவது நானே.”

வேலை, இடம், அளவு, ஓட்டுபவர் என்று நாலு விவரமும் முதல் வரியிலேயே வந்துவிட்டன. அளவைச் சொன்னால்தான் எத்தனை மணி நேர வேலை என்று கணக்குப் போட முடியும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 3 அடிக்கு ஒரு சால் என்றால் ஏக்கருக்கு 14,520 அடி, அதாவது ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர் மிஷின் பின்னால் நடக்க வேண்டும். நெடுக்கும் குறுக்குமாக ஓட்டினால் 2 ஏக்கருக்கு 17.7 கிலோமீட்டர். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் திருப்பங்களைச் சேர்க்காமலே 12 மணி நேரம், ஆக இரண்டு நாள் வேலை.

“ஓட்டுவது நானே” என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 154-ஆம் பிரிவில், பேசியதற்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால் அப்போது வரும் சேதம் எடுத்தவரையே சேரும் என்கிறது. அந்தப் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தான் மட்டும் ஓட்டுவதற்காகக் குதிரையை இரவல் வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அவர் கவனமாக ஓட்டியும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. வாங்கியவர்தான் ஈடு கட்ட வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டாரென்று பவர் வீடரை அரை நாள் கொடுத்தாலும் இதே கதைதான். கொடுக்க நினைத்தால் கடிதத்திலேயே அதற்கும் சம்மதம் கேட்டுவிடுங்கள்.

“வாடகை மணிக்கா, நாளுக்கா? நாள் என்றால் எப்படிக் கணக்கு? மழையால் மிஷின் சும்மா நின்றால் அன்றைக்கும் வாடகை உண்டா? டீசலும் வண்டி வாடகையும் யாருடையது?”

இந்த வரியில் முக்கியமானது “எப்படிக் கணக்கு” என்ற கேள்வி. திங்கள் மாலை 6 மணிக்கு எடுத்து, செவ்வாயும் புதனும் ஓட்டி, வியாழன் காலை 9 மணிக்குக் கடை திறந்ததும் விடுகிறோம் என்று வையுங்கள். தேதியை எண்ணினால் 4 நாள். 24 மணிக்கு ஒரு நாள் என்றால் 63 மணி நேரத்துக்கு 3 நாள். ஓடிய நாளை மட்டும் எண்ணினால் 2 நாள். கணக்குக்காக நாள் வாடகை 1,000 ரூபாய் என்று கொண்டால், ஒரே வேலைக்கு 4,000, 3,000, 2,000 என்று மூன்று தொகை வருகிறது. மூன்றுமே நேர்மையான கணக்குதான். எது என்று முதலில் பேசாததால்தான் கடைசியில் வாக்குவாதம் வருகிறது.

மழையைப் பற்றிக் கேட்பதும் வீண் கேள்வி இல்லை. ஈரம் மிகுந்த மண் கத்தியில் அப்பிக்கொண்டு, களை அறுபடாமல் உருண்டு சுற்றிக்கொள்ளும். ஒரு மழைக்குப் பின் மண் காயும்வரை மிஷின் நிற்கத்தான் வேண்டும்.

“அட்வான்ஸ் எவ்வளவு? ரசீது உண்டா? மிஷினை விட்ட அன்றே திரும்பக் கிடைக்குமா?”

அட்வான்ஸ் வாடகையில் கழியுமா, தனியாக நிற்குமா என்பது ரசீதிலேயே இருக்கட்டும். அசல் ஆதாரை விட்டுவிட்டு வர வேண்டாம், நகல் போதும். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே வேண்டாம். பின்னால் சேதம் என்று எந்தத் தொகையையும் அதில் நிரப்பிக்கொள்ள வழி கொடுத்ததாகிவிடும்.

“ஓடும்போது கத்தி உடைந்தாலோ, பெல்ட் அறுந்தாலோ, இன்ஜின் பிடித்துக்கொண்டாலோ செலவு யாருடையது?”

கடிதத்தின் உயிர் இந்த வரி. சட்டம் இதில் இருவருக்கும் பங்கு வைத்திருக்கிறது. 150-ஆம் பிரிவின்படி, வாடகைக்கு விட்ட பொருளில் இருந்த குறையால் வரும் நட்டத்துக்கு, அந்தக் குறை தனக்குத் தெரியாது என்றாலும் உரிமையாளரே பொறுப்பு. 151, 152-ஆம் பிரிவுகளின்படி, விவேகமுள்ள சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் எடுத்தவர் கவனமாகப் பார்த்திருந்தால் சேதத்துக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் 152-இல் ஒரு நிபந்தனை இருக்கிறது: வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரைதான் இந்தப் பாதுகாப்பு. ரசீதின் அடியில் “எந்தச் சேதமும் எடுப்பவர் பொறுப்பு” என்று அச்சடித்திருந்து, அதில் நாம் கையெழுத்தும் போட்டுவிட்டால், அந்தப் பாதுகாப்பை நாமே விட்டுக்கொடுத்தவர்கள் ஆகிறோம்.

ஆகவே பாகம் பாகமாகப் பிரித்துக் கேளுங்கள். கத்தி கல்லில் பட்டு உடைந்தால் எடுத்தவர் செலவு என்பது நியாயம். பழைய பெல்ட் தேய்ந்து அறுந்தால் கடைக்காரர் செலவு. இன்ஜின் பிடித்துக்கொண்டால் ஆயில் இருந்ததா என்பதே கேள்வி. அதனால் எடுக்கும்போதே மிஷினைச் சமமான தரையில் நிறுத்தி ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பிறகு கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். நீலப் புகை விட்டால் உள்ளே ஆயில் எரிகிறது, அது ரிங் தேய்ந்த பழைய குறையாக இருக்கலாம். கரும்புகை விட்டால் ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் கடைக்காரர் முன்னாலேயே செல்போனில் வீடியோ எடுத்து, அவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த குறை எது, நம் கையில் வந்தது எது என்பதை அது பிரித்துக் காட்டும்.

“வியாழன் காலை 9 மணிக்குக் கடையில் விடுகிறேன். தாமதமானால் கூடுதல் வாடகை மட்டுமா, அபராதமும் உண்டா?”

160-ஆம் பிரிவின்படி, கெடு முடிந்தால் கடைக்காரர் கேட்கும்வரை காத்திராமல் நாமே கொண்டுபோய் விட வேண்டும். அடுத்த பிரிவு இன்னும் கடுமையானது. நம் தவறால் நேரத்துக்கு விடாமல் போனால், அந்த நேரத்திலிருந்து மிஷினுக்கு வரும் இழப்புக்கு நாமே பொறுப்பு. அதுவரை நம்மைக் காத்த “கவனமாகத்தான் பார்த்தேன்” என்ற பதில் அதன்பின் செல்லாது. புதன் இரவு கொட்டகையில் திருட்டுப் போவதும், கெடு கடந்த வியாழன் இரவு திருட்டுப் போவதும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டால் கெடு முடியும் முன்பே கேட்டு, “சரி, வைத்திருங்கள்” என்ற பதிலை வாட்ஸ்அப்பிலாவது வாங்கிவிடுங்கள்.

“இவற்றுக்கு எழுத்தில் பதில் தந்தால், திங்கள் மாலை அட்வான்ஸோடு வருகிறேன்.”

பணம் நம் கையில் இருக்கும்போது கேட்டால்தான் பதில் வரும், அதனால் இந்த வரி கடைசியில் நிற்கிறது. வந்த பதிலையும் கடை ரசீதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சேதத்தைப் பற்றி ரசீது வேறு விதமாகச் சொன்னால், அந்த வரியை அடித்து, இருவரும் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே மிஷினைக் குட்டி யானையில் ஏற்றுங்கள்.