பாலால் தெளிந்த மது

பழச்சாறு சேர்ந்த மதுவில் கொதிக்கும் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? பால் திரியும், கலவை பாழாகும் என்றுதான் நாம் சொல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர்களோ வேண்டுமென்றே அப்படித் திரியவிட்டார்கள். பாலின் வெண்மை சிறிதுமில்லாத அந்தத் தெளிந்த மதுவுக்கு ‘மில்க் பஞ்ச்’ என்று பெயர். 1711-இல் மேரி ராக்கெட் என்பவர் எழுதிய செய்முறையே கிடைத்தவற்றுள் பழையது என்பர்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது, 1763 அக்டோபர் 11 அன்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் நண்பர் ஜேம்ஸ் போடனுக்கு அனுப்பிய குறிப்பை. 44 எலுமிச்சம் பழங்களின் தோலை மிக மெல்லியதாகச் சீவி, 6 குவார்ட் பிராந்தியில் ஒருநாள் ஊறவைத்து வடிக்கச் சொல்கிறார் (குவார்ட் என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர்). அதில் 4 குவார்ட் தண்ணீர், 2 குவார்ட் எலுமிச்சைச் சாறு, துருவிய 4 பெரிய சாதிக்காய், 2 பவுண்டு சர்க்கரை. சர்க்கரை கரைந்ததும் 3 குவார்ட் பாலைக் காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே ஊற்றிக் கலக்கவேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத் துணிப்பையில் தெளிவாகும் வரை வடித்துப் புட்டிகளில் நிரப்பவேண்டும்.

பன்னீர் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி விளங்கிவிடும். புளிப்புப் பட்டதும் பாலின் கேசின் என்ற புரதம் திரளையாகிறது. அப்படித் திரளும்போது, பிராந்தி மரப்பீப்பாயில் ஏற்ற துவர்ப்பையும், தோலின் கசப்பில் ஒரு பகுதியையும், நிறத்தையும் தன்னோடு பற்றிக்கொள்கிறது. நாக்கை வறட்டும் துவர்ப்பு போய்விடுகிறது. திரளாமல் நீரில் நின்றுவிடும் வேறு சில பால் புரதங்கள் மதுவுக்கு ஒரு மெல்லிய கனத்தைத் தருகின்றன. பட்டுப்போல் வழுக்கிச் செல்லும் அந்தச் சுவைக்கு, போனதும் நின்றதும் ஆகிய இரண்டுமே காரணம்.

கெடாமல் இருப்பதற்கும் அதே திரளையே உதவுகிறது. விரைவில் சிக்குவாடை அடிக்கும் கொழுப்பு அதனோடு வெளியேறிவிடுகிறது. மீதியை மதுவும் புளிப்பும் சர்க்கரையும் காக்கின்றன. குளிர்பெட்டி இல்லாத அக்காலத்தில் புட்டிகள் நிலவறையில் மாதக்கணக்கில் கிடந்தன. 1870-இல் சார்லஸ் டிக்கன்ஸ் இறந்தபோது அவர் நிலவறையிலும் மில்க் பஞ்ச் இருந்தது.

வடிகட்டுவதில்தான் பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். முதலில் சொட்டுவது கலங்கலாகவே இருக்கும். அதை மீண்டும் அதே பையில் ஊற்றவேண்டும். பையில் படிந்த திரளைதான் உண்மையான வடிகட்டி. துணி அதைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவே. பொறுமையிழந்து பிழிந்தால் நுண்துகள்கள் இறங்கிவிடும். மறுநாள் புட்டியின் அடியில் வெள்ளை வண்டலாகக் காட்டிக்கொடுக்கும்.

நீர்போல் தெளிந்திருப்பதால் இதில் பாலே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பாற்சர்க்கரையும் அந்தப் புரதங்களும் உள்ளேதான் இருக்கின்றன. பால் ஒவ்வாதவருக்கு இதுவும் ஒவ்வாது. விருந்துக்கு அழைப்பவர் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.