சிறு குளியலறையை அகலமாகக் காட்டும் முறை (தஞ்சை வட்டாரம்)

தஞ்சாவூர், கும்பகோணம் பகுதியின் பழைய வீடுகளில் குளியல் கொல்லைக் கிணற்றடியில்தான். பிறகு கொல்லைத் தாழ்வாரத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ தடுத்துக் கட்டிய குளியலறைகள் பெரும்பாலும் ஒடுக்கமானவை.

4 அடி அகலம், 7 அடி நீளமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரையில் 2×1 அடி டைல்ஸின் நீளப்பக்கத்தை அறையின் குறுக்கே பதித்தால், வரிசைக்கு இரண்டு டைல்ஸ் அடங்கும். பார்வையும் பக்கவாட்டில் விரியும். நீளவாக்கில் பதித்தால் அறை நடைபாதைபோல் நீண்டுவிடும். வாட்டம் பின்சுவரை நோக்கி ஒரே திசையில் 7 அடிக்கு ஓர் அங்குலம் இருக்கட்டும். நடுவில் வடிகால் வைத்தால் நாற்புறமும் சரிவு தேவைப்படும். டைல்ஸை வெட்ட வேண்டிவரும், கட்டங்கள் கண்ணை உறுத்தும்.

சுவருக்கும் தரைக்கும் ஒரே வெளிர்நிறம் நல்லது. தரை டைல்ஸ் மட்டும் வழுக்காத சொரசொரப்புடன் இருக்க வேண்டும். இடுக்குப் பூச்சும் அதே நிறத்தில் இருந்தால் கோடுகள் மறையும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் தூய வெள்ளையில் பழுப்புக் கறை படியும். வாளியில் பிடித்த நீர் ஓர் இரவில் மஞ்சளாகி அடியில் வண்டல் தங்குவதே அதன் அடையாளம். அங்கே சந்தன நிறமே பொருந்தும்.

கூரை நடுவில் ஒற்றை விளக்கு மூலைகளை இருட்டாக்கும். பின்சுவரில் ஒளி விழுமாறு இன்னொன்று வைத்தால் அறை ஆழமாகத் தெரியும்.

வாளியும் முக்காலியும் கதவுக்கு எதிரே கிடந்தால் இவை எதுவும் பலிக்காது. அவற்றைக் கதவின் பின்மூலைக்கு ஒதுக்கி, கைகழுவும் தொட்டியைச் சுவரில் மாட்டினால் தரை முழுதும் தெரியும்.