காணாமற்போன நிறுவனங்கள்: பங்குச் சந்தை வரைபடங்கள் காட்டாத 1990கள்

1993ஆம் ஆண்டு பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தன் பங்கை 95 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வழங்கியது. போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. எஞ்சியவற்றில் ஒரு பெரும்பகுதியை மார்கன் ஸ்டான்லி வெளியீட்டு விலைக்கே வாங்கிக்கொண்டது. அன்று 9,500 ரூபாய் கொடுத்து நூறு பங்கு வாங்கியவர் ஒன்றையும் விற்காமல் காத்திருந்தால், அடுத்தடுத்து வந்த ஊக்கப் பங்குகளாலும் பங்குப் பிரிப்பாலும் 2018இல் அவர் கையில் 1,02,400 பங்குகள் இருந்திருக்கும். பங்கு ஆயிரம் ரூபாய் என்று கொண்டாலும் மதிப்பு பத்துக் கோடியைத் தாண்டும். இந்தக் கணக்கில் பிழையேதும் இல்லை. முதலீட்டு வகுப்புகளிலும் விளம்பரங்களிலும் இன்றுவரை காட்டப்படும் அந்த ஏறுமுகக் கோடு உண்மையானதே. ஆனால் 1993இல் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய மனிதருக்கு முன்னால் இன்ஃபோசிஸ் மட்டும் இருக்கவில்லை. அவர் முன் விரிந்திருந்த ஏனைய படிவங்கள் என்னவாயின என்பதே இங்கு எழும் வினா.

அந்தக் காலத்தின் பின்புலம் தெரிந்தால்தான் வினாவின் எடை விளங்கும். விடுதலை பெற்ற ஆண்டிலேயே இயற்றப்பட்ட மூலதன வெளியீடுகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் என்ன விலைக்குப் பங்கு வெளியிடலாம் என்பதை தில்லியில் இருந்த அரசு அதிகாரியே தீர்மானித்துவந்தார். 1992 மே மாதம் அச்சட்டம் நீக்கப்பட்டது. விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம் என்றானது. கண்காணிக்க வேண்டிய செபி அதே ஆண்டில்தான் சட்ட அதிகாரம் பெற்றிருந்தது. கதவு திறந்தது, காவலாள் அன்றுதான் பணிக்குச் சேர்ந்திருந்தான் எனலாம். 1994-95, 1995-96 ஆகிய இரு நிதியாண்டுகளிலும், ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுப் பங்கு வெளியீடுகள் நடந்தன. இறால் பண்ணை, தேக்குத் தோட்டம், கிரானைட், குத்தகை நிதி என அன்று கவர்ச்சியாயிருந்த தொழில்களின் பெயரில், பத்து ரூபாய்ப் பங்குகளுக்கான படிவங்கள் தெருமுனைக் கடைகள் வரை கிடைத்தன. ஓய்வூதியப் பணத்தையும் மகளின் திருமணத்துக்கென ஒதுக்கிய தொகையையும் அவற்றில் இட்டவர்கள் பலர். அஞ்சலகத்தின் தேசிய சேமிப்புப் பத்திரம் 12 விழுக்காடு வட்டி தந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்த நிறுவனங்களில் சில பணம் திரட்டிய சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டன. தொழில் நொடித்துப்போவது வேறு. இவை நேர்ப்பொருளிலேயே மறைந்தன. அரசு ஆவணங்களில் இவற்றுக்குக் ‘காணாமற்போன நிறுவனங்கள்’ என்றே பெயர். அந்தப் பட்டியலில் ஒரு நிறுவனத்தைச் சேர்க்க வேண்டுமாயின், அது ஈராண்டுகள் பதிவாளரிடமும் பங்குச் சந்தையிடமும் கணக்கு எதையும் தாக்கல் செய்யாதிருக்க வேண்டும். பதிவு செய்த முகவரியில் அலுவலகம் இருக்கக் கூடாது. இயக்குநர் எவரையும் கண்டுபிடிக்க முடியாதிருக்க வேண்டும். இவை எல்லாம் ஒருங்கே பொருந்தினால்தான் அது ‘காணாமற்போனது’. இத்துணைக் கடுமையான வரையறையின் கீழும் 238 நிறுவனங்கள் இனங்காணப்பட்டன. அவற்றுள் பல பின்னர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டன என்பதும் உண்மையே. இந்த எண்ணைத் தோல்வி விகிதமாகப் படிப்பது தவறாகும். ஆண்டுதோறும் ஒழுங்காகத் தாள்களைத் தாக்கல் செய்துகொண்டு, உள்ளே தொழிலே இல்லாமல் கிடந்தவை இக்கணக்கில் வாரா. முறைப்படி நொடித்தவையும் வாரா.

வரலாற்றாய்வாளருக்குத் தலைவலி இதற்கு அடுத்துத்தான் தொடங்குகிறது. மறைந்த நிறுவனம் விலைப் பதிவேட்டில் எத்தகைய தடத்தை விட்டுச்செல்கிறது? விதிகளை மீறிய நிறுவனத்தின் வணிகத்தைச் சந்தை இடைநிறுத்தம் செய்யும். அன்றோடு விலை நின்றுவிடும். பல சிறு நிறுவனங்கள் பம்பாயிலன்றி அகமதாபாத், ஜெய்ப்பூர், கோயம்புத்தூர் போன்ற வட்டாரப் பங்குச் சந்தைகளில் மட்டுமே பட்டியலிடப்பட்டிருந்தன. அச்சந்தைகளில் வணிகமே வற்றி, 2012க்குப் பின் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிலிலிருந்து விலகியபோது, அங்கு மட்டும் இருந்த நிறுவனங்கள் முறையான விலையேதும் இல்லாத ஒரு தகவல் பலகைக்கு மாற்றப்பட்டன. மும்பைப் பங்குச் சந்தையோ, பத்தாண்டுகளுக்கும் மேலாக இடைநிறுத்தத்தில் கிடந்த 200 நிறுவனங்களை 2017 ஆகஸ்டில் ஒரேயடியாகப் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்று ஒருவர் கணினியில் ‘பட்டியலிலுள்ள நிறுவனங்கள்’ என்று கேட்டு, அவற்றின் முப்பதாண்டு விலைகளைத் தரவிறக்கி வரைபடம் தீட்டினால், இவற்றுள் ஒன்றுகூட அதில் தலைகாட்டாது. எவரும் எதையும் மறைக்கவில்லை; ஆயினும் பதிவேடு தானாகவே வென்றவர்களின் பதிவேடாகிவிடுகிறது. புள்ளியியலார் இதனைப் பிழைத்தோர் சார்பு என்பர்.

இச்சார்பு எவ்வளவு பெரிது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் உணரலாம். 1995இல் ஒருவர் பத்துப் புதிய நிறுவனங்களில் தலா 10,000 ரூபாய், ஆக ஒரு லட்சம் இட்டார் என்க. இருபது ஆண்டுகளில் ஆறு நிறுவனங்கள் மதிப்பின்றி மறைந்தன. மீந்த நான்கில் ஒவ்வொன்றும் 80,000 ரூபாயாக வளர்ந்தது. 2015இல் பட்டியலைத் திறந்து பார்ப்பவருக்கு நான்கு நிறுவனங்களே தெரியும். அவற்றின் பணம் எட்டு மடங்கு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு. முதலீட்டாளர் கையிலோ ஒரு லட்சம் 3,20,000 ரூபாயாகியிருக்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு. இரண்டும் ஒரே சந்தை, ஒரே காலம். இடையிலுள்ள ஐந்து விழுக்காடு எந்த முதலீட்டாளரும் ஈட்டாதது.

இதில் இன்னொரு நுட்பமான பிழையும் உண்டு. சில தரவுத் தொகுப்புகள், வணிகம் நின்ற பங்குக்குக் கடைசி விலையையே தொடர்ந்து எழுதிச் செல்கின்றன. இரண்டு ரூபாயில் நின்ற பங்கு ஐந்தாண்டுகள் கழித்தும் இரண்டு ரூபாய்தான். சந்தை முழுதும் இருபது விழுக்காடு சரிந்த ஓராண்டில், இந்தச் செத்த பங்கு ‘மாற்றமில்லை’ என்று பதிவாகி உயிருள்ள பங்குகளைவிடச் சிறந்ததாகத் தோன்றும்! வரைபடத்தில் ஒரு பங்கின் கோடு மாதக்கணக்கில் தட்டையாகக் கிடந்தால், அது பெரும்பாலும் நிதானத்தின் அடையாளமன்று; நாடி நின்றதன் அடையாளம்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. 1960இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பங்கு விலை ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கிய ஜேம்ஸ் லோரி, லாரன்ஸ் ஃபிஷருடன் சேர்ந்து, 1926 முதல் நியூயார்க் சந்தையில் இருந்த சாதாரணப் பங்குகள் அனைத்தையும், மறைந்தவை உட்பட, தொகுக்க முனைந்தார். அதன் பயனாக 1964இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைதான் பங்கு வருவாய் பற்றிய முதல் முழுமையான அளவீடாகக் கருதப்படுகிறது. ஆயினும் 1997இல் டைலர் ஷம்வே என்ற ஆய்வாளர் அந்தத் தொகுப்பிலேயே ஓர் ஓட்டையைக் காட்டினார். நொடிப்பு முதலிய காரணங்களால் நீக்கப்பட்ட பங்குகள் பலவற்றுக்கு, நீக்கத்தின்போது ஏற்பட்ட இறுதி இழப்பு பதிவாகவே இல்லை. மறைந்த நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பது மட்டும் போதாது, அதன் கடைசி நாளின் கணக்கும் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

எதிர்த்திசையிலும் ஒருவர் தவறலாம். பட்டியலை விட்டு நீங்கியதெல்லாம் மடிந்ததன்று. கேட்பரி இந்தியா, பிலிப்ஸ் இந்தியா போன்றவை இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளியேறியது, அவற்றின் வெளிநாட்டுத் தாய் நிறுவனங்கள் பொதுமக்களின் பங்குகளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டதால். காணாத ஒவ்வொன்றுக்கும் சுழியம் என்று எழுதினால், அதுவும் பொய்யான வரலாறே. ஒவ்வொரு நீக்கத்தின் காரணத்தையும் தனித்தனியே தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

குறியீட்டெண்ணும் இதே குறையுடையதுதானே என்று பலர் கருதுகின்றனர். சென்செக்ஸிலும் நலிந்த நிறுவனங்கள் நீக்கப்பட்டு வளமானவை சேர்க்கப்படுகின்றனவே என்பது அவர்கள் வாதம். இது பாதி உண்மை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அந்தப் பங்கு தன் மதிப்பில் முக்காற்பங்குக்கும் மேல் இழந்தது. சத்யம் அப்போது சென்செக்ஸின் முப்பதில் ஒன்று. ஆகவே அந்த வீழ்ச்சி குறியீட்டெண்ணில் முழுமையாகப் பதிந்தது. அதன்பின் சில நாட்களிலேயே சத்யம் நீக்கப்பட்டு சன் பார்மா சேர்க்கப்பட்டது. அடி விழுந்தபின்தான் ஆள் மாறினார். குறியீட்டெண்ணின் வரலாறு நேர்மையாக இருப்பது இதனால்தான்.

மாறாக, இன்றைய முப்பது நிறுவனங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் விலையை 2005 முதல் வரைந்து ‘சென்செக்ஸ் நிறுவனங்களின் வளர்ச்சி’ என்று தலைப்பிட்டால், அந்த ஜனவரி நாளில் சத்யத்தின் இடத்தில் சன் பார்மா அமர்ந்திருக்கும். வீழ்ச்சி நடந்ததற்கான தடயமே இராது. இரு வரைபடங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறிய ஒரே கேள்வி போதும்: நிறுவனங்களின் பட்டியல் எந்தத் தேதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது, கோட்டின் தொடக்கத்திலா, முடிவிலா?

பரஸ்பர நிதிகளில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கு நலிந்த திட்டம் நொடிப்பதில்லை. அதே குழுமத்தின் இன்னொரு திட்டத்துடன் இணைக்கப்படுகிறது. முதலீட்டாளரின் பணம் காணாமற்போவதில்லை, திட்டத்தின் பழைய வருவாய்க் கணக்கு மட்டுமே கண்ணிலிருந்து மறையக்கூடும். 2018 ஏப்ரலில் செபி இதற்கென ஒரு சுற்றறிக்கை விடுத்தது. ஒத்த தன்மையுள்ள இரு திட்டங்கள் இணைந்து, பிறக்கும் திட்டமும் அதே தன்மையுடையதாயின், இரண்டின் வருவாயையும் எடையிட்ட சராசரியாகக் காட்ட வேண்டும். ஒன்று மற்றொன்றில் கலந்து, பின்னதன் தன்மையே நீடித்தால், நீடிக்கும் திட்டத்தின் வருவாயைக் காட்டினால் போதும். முதல் விதி மறைந்த திட்டத்தின் நினைவைக் காக்கிறது. இரண்டாம் விதிக்கும் நியாயம் உண்டு. வேறு தன்மையுள்ள திட்டத்தின் வருவாயைக் கலந்தால் வாசகர் குழம்புவார். ஆனால் விழுங்கப்பட்ட திட்டத்தில் பத்தாண்டுகள் காத்திருந்தவர் பெற்ற வருவாய், அதன்பின் அச்சாகும் எந்தப் பத்தாண்டு வரைபடத்திலும் இடம்பெறாது. அதை அறிய விரும்புவோர் இணைப்புக்கு முந்தைய மாதாந்தர அறிக்கைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.