‘கடை வாசல்’ எப்படி ‘வடை காசல்’ ஆகுது? வாய் தவறும்போது மூளைக்குள் நடப்பது என்ன?

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நண்பருக்கு போன் போடுகிறீர்கள். “எங்கடா இருக்க?” என்று கேட்டால், அவசரத்தில் அவர் சொல்கிறார்: “வடை காசல்ல நிக்கிறேன்.” ரெண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அவர் சொல்ல வந்தது ‘கடை வாசல்ல நிக்கிறேன்’.

இதைச் சிரிப்போடு விடாமல் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ‘க’வும் ‘வ’வும் மட்டும்தான் இடம் மாறியிருக்கின்றன. கடைசியில் இருக்கும் ‘ல்ல’ அசையவே இல்லை. ‘நிக்கிறேன்’ பக்கம் தவறு போகவே இல்லை. தவறிலும் இவ்வளவு ஒழுங்கு ஏன்? மொழியியலாளர்கள் 100 வருடத்துக்கும் மேலாக வாய் தவறல்களைச் சேகரிப்பது இந்தக் கேள்விக்காகத்தான். பேச்சு தயாராகும்போது மூளைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால், தறியில் அறுந்த இழையை வைத்து எந்த இடத்தில் கோளாறு என்று நெசவாளி கண்டுபிடிப்பது மாதிரி, பேச்சில் விழுந்த தவறை வைத்து அது எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்ல முடியும்.

முதலில் ஃப்ராய்ட் பஞ்சாயத்து

வாய் தவறினாலே “மனசுல இருக்கிறது வெளியே வந்துடுச்சு” என்கிறோம் இல்லையா? அந்த எண்ணத்தைப் பரப்பியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1901-ல் அன்றாட வாழ்க்கைத் தவறுகளைப் பற்றி எழுதினார். ஆனால் அவருக்கு முன்பே, 1895-ல், அதே வியன்னாவைச் சேர்ந்த ருடால்ஃப் மெரிங்கர் என்ற மொழியியலாளர், கார்ல் மேயர் என்ற மருத்துவருடன் சேர்ந்து வாய் தவறல்களைத் திரட்டிப் புத்தகமாகவே போட்டுவிட்டார். ஃப்ராய்ட் அதிலிருந்து உதாரணங்களை எடுத்துக்கொண்டார்.

அதில் பிரபலமான ஒன்று: ஆஸ்திரிய நாடாளுமன்றத்தின் அவைத் தலைவர், கூட்டத்தைத் தொடங்கும்போது “கூட்டம் முடிவடைந்தது” என்று அறிவித்துவிட்டார். அவருக்குக் கூட்டம் நடத்தவே பிடிக்கவில்லை, அதுதான் வெளியே வந்துவிட்டது என்பது ஃப்ராய்ட் விளக்கம். மெரிங்கர் கட்சி வேறு. ‘தொடக்கம்’, ‘முடிவு’ போன்ற எதிர்ச்சொற்கள் பொருளில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. ஒன்றைத் தேடும்போது மற்றதும் கூடவே எழுந்து நிற்கும். இடது–வலது, நேத்து–நாளைக்கு குழப்பமும் இப்படித்தான். ஆசையே காரணம் என்றால் ‘வடை காசல்’ சொன்னவருக்குப் பசி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘காசல்’ என்பதை எந்த ஆசையில் சேர்ப்பது?

‘பூனை மேல் மதில்’ என்ன சொல்கிறது?

‘மதில் மேல் பூனை’ என்பது அரசியல் மேடையில் ‘பூனை மேல் மதில்’ ஆகி, மீம் ஆன கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். இதை ‘வடை காசல்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே மாறியது எழுத்து இல்லை, முழுச் சொல். மாறிய இரண்டும் பெயர்ச்சொற்கள். நடுவில் நிற்கும் ‘மேல்’ மாறவில்லை.

அமெரிக்காவில் விக்டோரியா ஃப்ராம்கின் 1971-லும், மெரில் காரெட் 1975-லும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் அடிப்படையே இந்த வித்தியாசம்தான். சொற்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பெயரோடு பெயர், வினையோடு வினை மாறும். நடுவில் நாலைந்து சொற்கள் இருந்தாலும் தாண்டிப் போகும். ஒலிகள் இடம் மாறினால் கதை வேறு. பக்கத்துப் பக்கத்துச் சொற்களில்தான் நடக்கும். இலக்கண வகையைப் பார்க்காது. ‘சூடா பால்’ என்பது ‘பூடா சால்’ ஆகலாம். ஒன்று வினையை விளக்க வந்த சொல், இன்னொன்று பெயர். ஒலிக்கு அது பற்றிக் கவலையே இல்லை. ஆனால் முதல் ஒலி முதல் ஒலியோடுதான் மாறும்.

ஒரே பட்டறையில் நடக்கும் தவறுகளாக இருந்தால் விதிகளும் ஒன்றாகத்தானே இருக்கும்? இரண்டு விதமான விதி என்றால் இரண்டு கட்டம் என்றார் காரெட். முதல் கட்டத்தில் எந்தச் சொல்லுக்கு வாக்கியத்தில் என்ன வேலை என்று முடிவாகிறது. அங்கே வாக்கியம் முழுக்க ஒரே நேரத்தில் பார்வையில் இருப்பதால் தூரம் பொருட்டில்லை. அடுத்த கட்டத்தில் சொற்கள் வரிசையில் நின்று ஒலிகளை வாங்கிக்கொள்கின்றன. அங்கே பக்கத்து ஆள் மட்டும்தான் தெரியும்.

பல்லடம் டூ பொள்ளாச்சி: தமிழ் தரும் சாட்சி

இந்த இடத்தில் தமிழ் ஒரு நல்ல சோதனைக்களம். கண்டக்டரிடம் நீங்கள் கேட்க நினைத்தது இது:

“பல்லடத்துல இருந்து பொள்ளாச்சிக்கு எவ்வளவுங்க?”

வாய் தவறி வந்தது இது:

“பொள்ளாச்சியில இருந்து பல்லடத்துக்கு எவ்வளவுங்க?”

கவனியுங்கள், ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் மாறின. ‘இருந்து’, ‘கு’ இரண்டும் தங்கள் இடத்திலேயே நிற்கின்றன. முழுச்சொல்லும் உருபோடு மாறியிருந்தால் “பொள்ளாச்சிக்குப் பல்லடத்துல இருந்து எவ்வளவுங்க?” என்று வந்திருக்கும். அது தவறே இல்லை! தமிழில் சொல் வரிசை நெகிழ்வானது, வேற்றுமை உருபு ஒட்டியிருக்கும்வரை பொருள் மாறாது. தமிழில் சொல் மாறித் தவறு என்று காதில் விழ வேண்டுமானால், சொல் போக உருபு பின்தங்க வேண்டும். அப்படியானால் உருபு சொல்லின் சொத்து இல்லை, வாக்கியத்தில் ஏற்கெனவே போட்டு வைத்த நாற்காலியின் சொத்து. நாற்காலிகள் முதலில் தயாராகின்றன. ஆட்கள் பிறகு வந்து உட்காருகிறார்கள். சில நேரம் மாறி உட்காருகிறார்கள்.

இதற்குள் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பல்லடம் என்பது உருபு ஏற்கும்போது ‘பல்லடத்து’ ஆகும், ‘அத்து’ சாரியை வரும். பொள்ளாச்சிக்கு அது கிடையாது, ‘யில’ என்று ‘ய்’ உடம்படுமெய் வரும். தவறிய வாக்கியத்தில் ‘பொள்ளாச்சித்துல’ என்றோ ‘பல்லடம்க்கு’ என்றோ வரவில்லை. தப்பான இடத்தில் உட்கார்ந்த பிறகும் ஒவ்வொரு ஊரும் தனக்குரிய புணர்ச்சியைச் சரியாகவே வாங்கியிருக்கிறது. ஆக, மாற்றம் நடந்தது முதலில், புணர்ச்சி வேலை பார்த்தது பிறகு. வகுப்பில் புணர்ச்சி விதி நம்மைப் படுத்திய பாடு தனி. வாய் தவறும்போதுகூட அது தவறுவதில்லை என்பது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. ‘ஆன் ஈட்டிங் மாரத்தான்’ என்று சொல்ல வந்தவர் ‘அ மீட்டிங் ஆரத்தான்’ என்றார். ‘ம்’ ஒலி முன்னால் தாவியதும் ‘ஆன்’ தானாக ‘அ’ ஆகிவிட்டது. இது ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி காட்டும் உதாரணம்.

தசை, சதை ஆனபோது

ஒரே சொல்லுக்குள்ளும் ஒலிகள் இடம் மாறும். தசை–சதை, சிவிறி–விசிறி என்று இலக்கண வகுப்பில் படித்திருப்போம். ஊரில் பெரியவர்கள் மதுரையை ‘மருதை’ என்பதும், குதிரையைக் ‘குருதை’ என்பதும் அதே ரகம். இவை ஒரு நொடித் தவறுகள் அல்ல, வழக்கில் நிலைத்துவிட்டவை. ஆனாலும் காட்டும் தடயம் ஒன்றுதான்.

‘தசை’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் வரும் ‘த’ வல்லொலி, ‘தலை’யில் வருவது போல. இப்போது ‘சதை’ சொல்லுங்கள். அதே ‘த’ நடுவுக்குப் போனதும் மென்மையாக, ‘கதை’யில் வருவது போல ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான், ஆனால் போன இடத்துக்கு ஏற்ப ஒலிப்பு மாறிவிட்டது. அப்படியென்றால் இடம் மாறியது வாயசைவு இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில் இருந்த ‘த’ என்ற அலகு. எப்படி ஒலிப்பது என்ற கட்டளை அதற்கும் பின்னால்தான் தயாராகிறது.

வாய் தவறினாலும் தமிழுக்கு ஒவ்வாத ஒலிக்கோவை பெரும்பாலும் வருவதில்லை. ‘கோழி முட்டை’ தவறினால் ‘மோழி குட்டை’ ஆகலாம், ‘ழோகி’ ஆகாது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்ற தொல்காப்பியப் பட்டியலில் ‘ழ’ கிடையாது. அதைப் படிக்காதவர் வாயும் அதை மீறுவதில்லை.

ஏன் ‘வடை’ எளிதாக வந்தது?

1975-ல் பார்ஸ், மோட்லி, மெக்கே ஆகிய மூவரும் ஆய்வுக்கூடத்திலேயே வாய் தவற வைத்தார்கள். ஒரே பாணியில் அமைந்த சொல் ஜோடிகளை வரிசையாக மௌனமாகப் படிக்கவிட்டு, திடீரென்று ஒலிவரிசை மாறிய ஒரு ஜோடியைக் காட்டி “உரக்கச் சொல்” என்றார்கள். ‘டார்ன் போர்’ என்பதைப் பார்த்தவர்கள் ‘பார்ன் டோர்’ என்று உளறினார்கள். மாறிய பிறகு உண்மையான சொற்கள் கிடைக்கும் ஜோடிகளில் தவறு அதிகம். அர்த்தமில்லாத ஒலிகள் கிடைக்கும் ஜோடிகளில் குறைவு.

காரணத்தில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பேசும் முன் உள்ளேயே ஒரு ‘சப்-எடிட்டர்’ உட்கார்ந்து, சொல்லாக இல்லாததை வடிகட்டுகிறார் என்பது ஒரு தரப்பு. நெதர்லாந்தின் வில்லம் லெவெல்ட் 1989-ல் எழுதிய நூலில் இந்த உள் கண்காணிப்புக்குப் பெரிய இடம் உண்டு. “வடை க… கடை வாசல்ல” என்று பாதியிலேயே நிறுத்தித் திருத்துகிறோமே, பல நேரம் காது கேட்டுத் திருத்தியிருக்க முடியாத வேகம் அது. கேரி டெல் 1986-ல் வேறு விளக்கம் தந்தார். ஒலிகள் தூண்டப்படும்போது அந்தத் தூண்டல் மேலே இருக்கும் சொற்களுக்கும் திரும்பிப் போகிறது. ‘வடை’ என்ற சொல் ஏற்கெனவே கிடங்கில் இருப்பதால் அது ஆதரவு பெறுகிறது. ‘காசல்’ கிடங்கில் இல்லை. டெல் சொல்வது சரியென்றால், காரெட் பிரித்த கட்டங்களுக்கு நடுவே சுவர் இல்லை, கதவு இருக்கிறது.

இந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

சாதாரணப் பேச்சில் வாய் தவறல் தோராயமாக ஆயிரம் சொல்லுக்கு ஒன்றுதான் என்பது ஆங்கில ஆய்வுகளின் மதிப்பீடு. அதனால் நோட்டும் கையுமாக அலைந்துதான் பழைய தொகுப்புகள் எல்லாம் உருவாயின. அதில் ஒரு சிக்கல். ‘பூனை மேல் மதில்’ எல்லார் காதிலும் விழும். ஆனால் ‘ல’வுக்குப் பதில் ‘ள’ லேசாக உருண்டால், கேட்பவர் மூளை அதைத் தானே திருத்திவிடும், நோட்டில் ஏறாது. ஊர்வழக்கு இன்னொரு சிக்கல். ‘மருதை’ என்பதை வாய் தவறல் என்று வெளியூர்க்காரர் எழுதிவிடலாம்.

தவறா, வழக்கா என்று பிரிக்க ஆய்வாளர்கள் கேட்பது ஒரே கேள்வி: சொன்னவரிடம் அதை அப்படியே திருப்பிச் சொன்னால் என்ன செய்கிறார்? வாய் தவறியவர் சிரித்துக்கொண்டே திருத்துவார். மருதைக்காரர், “ஆமா, மருதைதான். ஏன் கேக்குறீங்க?” என்பார்.